நிற்க வேண்டிய அட்டை ஆள்

ஒரு சாண் உயரம்கூட இல்லாத அட்டைத்துண்டு ஒன்று என்னை அழவைத்திருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சராக இருந்த காலம். அன்றைக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் கை பரபரக்கிறது.

என் தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவன் வண்டி கவிழ்ந்தது. அவனோடு ஐந்து வருஷம் கிளீனராக இருந்த சேந்தமங்கலத்துக்காரன் அந்த இடத்திலேயே போய்விட்டான். தம்பி பிழைத்தான். இடது கால் எலும்பு வளைந்தே கூடியது, கிளட்ச் மிதிக்க ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். என் வீடும் அவன் வீடும் ஒரே தெருவில். நான் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். விபத்தைப் பற்றி எங்களிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால், "உடுங்கக்கா" என்பான். அவ்வளவுதான்.

அப்படிக் கிடந்தவன் ஒருநாள் என்னைத் தேடி வந்தான், கையில் ஒரு பழைய காலண்டர் அட்டையோடு. அதன் பின்புறத்தில் கட்டம் கட்டமாக ஒரு ரோடு வரைந்திருந்தான். நாமக்கல்லில் புறப்பட்டு வடக்கே போய் லோடு இறக்கி, திரும்பி லோடு ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். தாயம் உருட்டித்தான் நகர வேண்டும். வழியில் செக்போஸ்ட், பஞ்சர், டீசல், டீக்கடை, தார்பாய் கிழிந்தது, எதிரே மாட்டுச் சந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. விளையாடிப் பார்த்தேன். அட, நன்றாகவே இருந்தது! எழுந்திருக்கவே மனசில்லை. லாரிக்காரன் ஒருத்தனால்தான் இப்படி ஒரு ஆட்டம் போட முடியும். ஒன்று மட்டும் கவனித்தேன். அத்தனை சீட்டிலும் விபத்துக்கு ஒரு சீட்டுகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

"காய்க்கு என்னடா வெக்கப் போற? புளியங்கொட்டையா?" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துக் கொடுத்தான். கிளீனருடைய போட்டோ. லைசென்சுக்காக எடுத்தது, லைசென்ஸ் வாங்குவதற்குள்தான் போய்விட்டான்.

"இவனை வரைஞ்சு குடுங்கக்கா. போர்டு மேல இவன் நிக்கோணும். படுத்துக் கெடக்கக் கூடாது. எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் மூஞ்சி தெரியோணும்."

அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம்! செய்து பார்த்தால்தானே தெரிகிறது.

முதலில் முகம். போட்டோவை அப்படியே வரைந்தால் அந்தச் சின்ன அளவில் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். நிழல், மூக்கின் மடிப்பு, கழுத்து எலும்பு எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். அவனிடம் பார்த்ததும் தெரிவது மூன்று: விரிந்த காது, மேலுதட்டை மறைக்காத சின்ன மீசை, தலையில் சுற்றிய துண்டு. அந்த மூன்றையும் பெரிதாக்கி, மற்றதை, உடம்பு கை கால் உட்பட, இந்தியன் இங்க்கில் பத்துப் பதினைந்து கோடுகளாகச் சுருக்கினேன். கண் இரண்டும் புள்ளி. எத்தனையோ தாள் வீணானது. கடைசியில் ஒன்றைத் தம்பியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சிரிக்கறானுங்க்கா" என்றான். போதும் என்று அதை வைத்துக்கொண்டேன். துண்டை மட்டும் வெள்ளையாக விட்டேன், ஆட்டக்காரருக்கு ஒரு நிறமாகப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்று.

அடுத்தது நிற்க வைப்பது. அங்கேதான் என் உயிரை எடுத்தது.

யோசனை எளிமையானதுதான். நீளமான ஒரு அட்டைப்பட்டை. அதன் நடுவில் ஒரு மடிப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு உருவம் நேராக. கோட்டுக்கு மேலே அதே உருவம் தலைகீழாக, இரண்டு தலையும் நடுக்கோட்டில் முட்டிக்கொள்கிற மாதிரி. நடுக்கோட்டில் பின்பக்கமாக மடித்தால் தலைகீழாய் இருந்தவன் முதுகுப்புறம் போய் நேராக நிற்பான். முன்னாலும் முகம், பின்னாலும் முகம். பட்டையின் இரு முனையிலும் காலுக்குக் கீழே விரலகலம் கூடுதலாக விட்டு, அதற்கும் ஒரு மடிப்புக் கோடு. அந்த இரண்டு நாக்கையும் ஒன்றை முன்பக்கம், ஒன்றைப் பின்பக்கம் வெளியே விரித்து ஒரு வட்ட அட்டையில் ஒட்டினால் அது அடித்தளம். நடுக்கோடு பின்னால் மடிவது, நாக்குக் கோடு முன்னால் மடிவது. குழம்பக் கூடாது என்று நடுக்கோட்டைச் சிறுகோடுகளாகவும் நாக்குக் கோட்டைப் புள்ளிகளாகவும் போட்டேன்.

முதலில் டிராயிங் தாளில் செய்தேன். தொங்கிப்போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஐவரி அட்டையில் செய்தேன். மடித்த இடம் வெடித்து நார் நாராக வந்தது. பிளேடால் லேசாகக் கீறி மடிக்கலாம் என்று பார்த்தால் கையோடு இரண்டு துண்டு. கடைசியில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு வைத்து அழுத்திக் கோடு போட்டு மடித்தேன், அப்போதுதான் ஒழுங்காக மடிந்தது. சரி, அழகாக இருக்கட்டும் என்று உருவத்தின் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்தேன். திருப்பிப் பார்த்தால் பின்னால் இருப்பவனுக்குத் துண்டு முடிச்சைக் காணோம்! ஏனென்றால் துண்டின் முடிச்சு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. மடித்தால் முன்னவன் முடிச்சு ஒரு பக்கமும் பின்னவன் முடிச்சு மறுபக்கமும் வருகிறது. இவன் முடிச்சுக்கு இடம் விட்டு வெட்டினால் அவன் முடிச்சு போகிறது. அட கெரகமே என்று கத்தரியை வீசினேன். பிறகு ஓரத்தை ஒட்டி வெட்டுகிற ஆசையை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் வெள்ளை விட்டு நேராக வெட்டினேன்.

நின்றது. எங்களுக்கு என்ன சந்தோஷம்! தம்பி ஃபேன் சுவிட்சைப் போட்டான். ஆள் பறந்து போய்க் கொடியில் காயப்போட்ட சட்டை மேல் விழுந்தான். தம்பி நொண்டிக்கொண்டே போய், லாரிப் பட்டறையிலிருந்து பெரிய வாஷர் ஒன்றைக் கொண்டுவந்தான். அடித்தளத்துக்குக் கீழே அதைப் பசையால் ஒட்டினோம். மறுபடியும் ஃபேன். ஆடினான், விழவில்லை. "இனி கவுற மாட்டான்" என்றான் தம்பி. விபத்துக்குப் பிறகு கவிழ்வது என்கிற அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

சேலத்தில் கடைவீதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர், எங்களுக்குத் தெரிந்த லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மூலமாக, ஒரு சனிக்கிழமை மாதிரியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்தால் தீபாவளிக்குக் கடையில் வைக்கிறேன், தொடர்ந்து செய்து கொடுங்கள் என்று வாக்கு. அவர் மறுநாள் மெட்ராசுக்குக் கொள்முதலுக்குப் போகிறார். அதனால் அந்த ஒரு நாள்தான். இது கூடிவந்தால் தம்பிக்கு ஒரு தொழில், கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஒரு காரணம். எனக்கு அதைத் தவிர அப்போது வேறு நினைப்பே இல்லை.

மாதிரி என்றாலும் அச்சில் இருந்தால்தான் மதிப்பு என்று, அம்மாபேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தேன். என் படத்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு பிளாக் எடுத்து, இரண்டையும் தலைக்குத் தலை முட்ட வைத்து, சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தில் முடுக்கி அடிக்க வேண்டும். மடிப்புக் கோட்டையும் மெஷினிலேயே அழுத்திக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒரு பிளாக்கின் ப்ரூஃபை மட்டும் பார்த்துச் சரி என்றேன். மற்றபடி புரிவதற்காக, ஒட்டி நிறுத்திய என் மாதிரி ஆளையே கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாக எதைச் சொல்வது?

அந்த நாள் காலை இரண்டு பேரும் பஸ் ஏறிச் சேலம் போனோம். தம்பி போர்டும் சீட்டுமாகக் கடையில் போய் உட்கார்ந்தான். நான் அச்சகத்துக்கு ஓடினேன். கட்டுத் தயாராக இருந்தது. பிரித்தேன்.

இரண்டு ஆளும் நேராக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தன் தலைமேல் இன்னொருத்தன் காலை வைத்து.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. ஒன்றை எடுத்து மடித்தேன். முன்னால் சிரிக்கிறான். திருப்பினால் மண்டை தரையில், கால் வானத்தில். எல்லாத் தாளும் அப்படித்தான்.

"என்னங்க இது?" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுத்துவிட்டார். எழுத்துக் கோக்கிறவர் எழுந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய பெருமை.

"டீச்சரம்மா, நீங்க குடுத்த மாதிரியில ஒரு தப்பு இருந்துச்சுங்க. நாந்தான் சரி பண்ணிட்டனுங்க."

"தப்பா? என்ன தப்பு?"

"ஒட்டியிருந்ததைப் பிரிச்சு நீட்டிப் பாத்தனுங்க. ஒரு ஆளு தலைகீழா இருந்தானுங்க. அவசரத்துல ஒட்டிட்டீங்கன்னு நெனச்சனுங்க."

பிரித்தாராம்! நிற்பதைக் காட்டத்தான் ஒட்டிக் கொடுத்தேன், அதைத் தண்ணீர் தொட்டு உரித்து, தட்டையாக்கிப் பார்த்திருக்கிறார்.

"மடிச்சா நேரா வரும்னு தலை தலையா அடிச்சுச் சொன்னனே! உங்க முதலாளிகிட்ட சொன்னனே!"

"முதலாளி சொன்னாருங்க. இருந்தாலும்..." கொஞ்சம் தயங்கினார். "ஆளு மொகத்தைத் தலைகீழா முடுக்கி அடிக்கற வழக்கம் நம்ம பிரஸ்ல இல்லீங்கம்மா. இது முகூர்த்தப் பத்திரிகை ஓடற மெஷினுங்க. மொதல்ல பிள்ளையாரு அடிக்கறோம், அப்பறம் மாப்ள பொண்ணு பேரு. அதுல ஒருத்தனைக் குப்புறக் கவுத்து அடிக்க மனசு வரலீங்க. யாரு பெத்த புள்ளையோ."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறாரே! பிளாக்கைத் திருப்பி வைத்து நாலு தாளாவது இப்போதே அடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். சேஸைப் பிரித்தாயிற்று, ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஏறிவிட்டது, சாயங்காலம் வரைக்கும் மெஷின் காலி இல்லை என்றார்கள். நல்லா இருங்க என்று வயிற்றெரிச்சலோடு சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

கடையில் தம்பி பாதி ஆட்டத்தைச் சொல்லி முடித்திருந்தான். கடைக்காரர் கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தாயத்தை உருட்டிக்கொண்டு, "அட, செக்போஸ்ட்ல மாட்டிக்கிட்டனே!" என்று ரசித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். புளியங்கொட்டைதான் காயாக ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சுங்களா அக்கா?" தம்பியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டேய், அச்சுல தப்பாயிருச்சுடா. பின்பக்கம் தலைகீழா அடிச்சுட்டாங்க. முன்பக்கம் சரியா இருக்குது." கடைக்காரரிடமும் சொன்னேன்: "மறுபடியும் அடிச்சா சரியாயிருமுங்க. எப்படி நிக்கும்னு மட்டும் பாருங்க."

நான் கல்லா மேலேயே ஒரு பட்டையை வெட்டி மடித்தேன். நாக்குகளை விரித்து, கையோடு கொண்டுபோயிருந்த வாஷர் வைத்த அடித்தளத்தில் ஒட்டி, போர்டு மேல் நாமக்கல் கட்டத்தில் வைத்தேன். எங்கள் பக்கம் முகம் சிரித்தது. பழக்கதோஷத்தில் நான் வைத்த விதம் அது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எது தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னப்பா, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே கவுந்துட்டானே உன் ஆளு!"

நான் தம்பியைப் பார்க்கத் துணியவில்லை. அவருக்கு என்ன தெரியும், பாவம். அவர் அதோடு விடவில்லை. ஆளை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். கண் பளபளத்தது.

"அம்மா, இதை மாத்தாதீங்க. இதுதான் வேணும். நல்ல யோசனை ஒண்ணு சொல்றேன் கேளுங்க. லாரி கவுந்ததுன்னு ஒரு சீட்டுப் போடுங்க. அந்தச் சீட்டு வந்தா ஆளைத் திருப்பி வெச்சுக்கோணும், தலைகீழா. மறுபடி தாயம் உழுகற வரைக்கும் அப்படியே கெடக்கோணும். பசங்க உழுந்து உழுந்து சிரிப்பாங்க! இப்படியே செஞ்சு குடுங்க, தீபாவளிக்கு நான் வெக்கறேன். இப்பவே சொல்லிட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு ஒருத்தர் வேண்டும் என்கிறார். தப்பாக அடித்ததே சரியாகிவிடும். கெஞ்ச வேண்டாம், மறுபடியும் அச்சகத்துக்குப் போக வேண்டாம். கடை கிடைத்துவிட்டது!

தம்பி கையை நீட்டி அவரிடமிருந்து ஆளை வாங்கினான். மெதுவாகத்தான் வாங்கினான்.

"என்ற ஆட்டத்துல வண்டி கவுறாதுங்க" என்றான்.

"விளையாட்டுதானேப்பா..."

"ஆமாங்க. வெளையாட்டுலயாவது கவுறாம ஊடு வந்து சேரட்டுங்க."

சீட்டை அடுக்கினான், போர்டை மடித்தான், கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே படியிறங்கினான். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நானும் படியிறங்கினேன்.

பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும்வரை அவனைத் திட்டினேன். "உனக்கென்னடா, ராசா மாதிரி எந்திரிச்சு வந்துட்ட. வரைஞ்சவ நானு, வெட்டினவ நானு, பிரஸ்ல கத்தினவ நானு! ஒரு சீட்டுத்தானே, போட்டா என்னடா? உன்ற தலையெழுத்தை நீயே அழிச்சுக்கற!" அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஓய்ந்த பிறகு சொன்னான்:

"அன்னைக்கு என்னையத் தூக்கறப்ப, வண்டிக் கண்ணாடி வழியா அவனைப் பாத்தனுங்கக்கா. அப்படித்தான் இருந்தான். தலை கீழ, கால் மேல. நான் பாத்துட்டேதான் இருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல."

கட்டை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் வரை அழுதுகொண்டே வந்தேன். அச்சகத்துக்காரர் மேல், கடைக்காரர் மேல், அந்தக் கணவாய் மேல், யார் மேல் என்று தெரியாத கோபமும் அழுகையும்.

மறுநாள் ஞாயிறு. தம்பி வீட்டில் உட்கார்ந்து தாள்களை எடுத்தேன். மெஷினில் அழுத்தியிருந்த நடுக்கோட்டிலேயே ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன். மேல் துண்டில் நாக்கு தப்பான இடத்தில், அவன் தலைக்கு மேலே இருந்தது. அந்த நாக்கைப் பின்னால் மடித்து, முன்துண்டின் உட்பக்கம் ஒட்டினேன். மேல்பக்கம் பிரியாமல் பிடித்துக்கொண்டது. பின்துண்டின் காலுக்குக் கீழே நாக்கு இல்லாததால் தனியாக ஒரு பட்டை வெட்டி ஒட்டினேன். அதெல்லாம் ஒட்டுப்போட்ட வேலைதான், நெருங்கிப் பார்த்தால் தெரியும். எத்தனையோ கோணலாகப் போய்க் குப்பைக்குப் போனது. திட்டிக்கொண்டேதான் செய்தேன். தம்பி எதிரே உட்கார்ந்து தலைத்துண்டுகளுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பூசினான்.

அந்த ஆட்டம் எந்தக் கடைக்கும் போகவில்லை. தம்பி பிறகு ஒரு புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தான். அந்த வேலையை ஒருநாளும் அவன் விரும்பியதில்லை. இன்னொரு கடையைப் பார்த்திருக்கலாம், நான்தான் சலித்துப்போனேன், அவனும்தான். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் ஆளைச் சரியாக ஒட்டி முடித்ததும், போர்டை விரித்து நாமக்கல் கட்டத்தில் வைத்தான். எழுந்து போய் ஃபேனைப் போட்டான். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஆளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, உங்க பக்கம் எப்படி இருக்கான்?"

"நேரா நிக்கறான்டா."

"சிரிக்கறானா?"

"சிரிக்கறான்."

"எம் பக்கமும்தான்" என்று சொல்லிவிட்டு, தாயத்தை எடுத்து என் கையில் கொடுத்தான்.